பதினைந்தாவது ஆட்டம்

வாலிபால் போட்டி நடத்த முடிவு செய்துவிட்டு என்னைத் தேடி வரும் இளைஞர் மன்றத்துக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "சார், மொத்தம் எத்தனை மேட்ச் வரும்?" என்பதுதான். அந்த எண் தெரிந்தால்தான் நடுவர்களுக்கு எவ்வளவு எடுத்து வைப்பது, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை வேளைக்குச் சோறு ஆக்குவது என்று அவர்களால் கணக்குப் பார்க்க முடியும். நாக்-அவுட் என்றாலும் லீக் என்றாலும் பதில் உடனே வந்துவிடும். 8 அணிக்கு நாக்-அவுட்டில் 7 ஆட்டம், லீக்கில் 28. டபுள் நாக்-அவுட் என்று சொன்னால் மட்டும் நான் இரண்டு எண்களைச் சொல்லவேண்டியிருக்கும்: 14, அல்லது 15. அந்த "அல்லது" என்ற சொல்லைக் கேட்டதும் பொருளாளர் முகம் மாறுவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்திலும், ஓய்வுக்குப் பிறகு கிராமத்துப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிற இந்தக் காலத்திலும், பிக்சர் போடும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். எங்கள் படிப்பில் பிக்சர் போடுவது தனிப் பாடம். அதில் டபுள் நாக்-அவுட்டை வரைய எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த 15ஆவது ஆட்டம் ஏன் வருகிறது, எப்போது வராது, வந்தால் மைதானத்தில் என்ன நடக்கும் என்பதெல்லாம் நடத்திப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். நாக்-அவுட்டில் ஒரு முறை தோற்றால் வெளியே. டபுள் நாக்-அவுட்டில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. தோற்காத அணிகள் மேல் வரிசையில் ஆடிக்கொண்டே போகும். ஒரு முறை தோற்ற அணி கீழ் வரிசைக்கு இறங்கும். அங்கே இன்னொரு முறை தோற்றால் ஊருக்குப் போகவேண்டியதுதான். கடைசியில் மேல் வரிசையில் மிஞ்சிய ஒரே அணியும் கீழ் வரிசையில் மிஞ்சிய ஒரே அணியும் இறுதி ஆட்டத்தில் மோதும்.

ஒரு தோல்விக்கு மேல் எதற்கு இன்னொரு வாய்ப்பு என்று கேட்பவர்களுக்கு நான் 1883ஆம் ஆண்டைக் காட்டுவேன். 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல் தொழிலால் கணித ஆசிரியர். டென்னிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கும் முறை தவறு என்று அந்த ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 32 பேர் ஆடும் நாக்-அவுட்டில், எல்லா ஆட்டமும் திறமைப்படியே முடிந்தால்கூட, உண்மையிலேயே இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31இல் 16தான் என்று காட்டினார். சிறந்தவரும் அடுத்தவரும் டிராவில் ஒரே பாதியில் விழுந்துவிட்டால், அடுத்தவர் இறுதிக்கு வரும் முன்பே வீட்டுக்குப் போய்விடுவார். 8 அணியாக இருந்தால் அந்த வாய்ப்பு 7இல் 4. சீட்டுக் குலுக்கி டிரா போடும் நம் ஊர்ப் போட்டிகளில் "ரெண்டு நல்ல டீமும் முதல் ரவுண்டிலேயே மோதிட்டாங்க" என்று எழும் புலம்பல் இதுதான். டபுள் நாக்-அவுட்டில் இந்தக் குறை நீங்கிவிடுகிறது. இரண்டாவது சிறந்த அணி சிறந்த அணியிடம் மட்டுமே தோற்கும். கீழ் வரிசைக்கு இறங்கி, அங்கே எல்லோரையும் வென்று இறுதிக்கு ஏறி வந்துவிடும். மூன்றாவது இடத்துக்கு இந்த உறுதி கிடையாது. முதல் இரண்டு இடத்துக்கு உண்டு.

இனி எண்ணிக்கை. ரவுண்டு ரவுண்டாக எண்ணினால் குழம்பிப்போகும். கீழ் வரிசையில் ஒரு ரவுண்டில் தங்களுக்குள் ஆடுவார்கள். அடுத்த ரவுண்டில் மேலிருந்து இறங்கியவர்களோடு ஆடுவார்கள். நடுவில் பை வந்து சேரும். ஆகவே நான் ஆட்டங்களை விட்டுவிட்டுத் தோல்விகளை எண்ணுவேன். வாலிபாலில் டிரா கிடையாது. ஒவ்வோர் ஆட்டமும் ஒரு தோல்வியை, ஒரே ஒரு தோல்வியை, யாரோ ஓர் அணியின் கணக்கில் எழுதுகிறது. ஆகவே மொத்தத் தோல்விகள் எத்தனையோ அத்தனை ஆட்டங்கள். போட்டி முடியும்போது சாம்பியனைத் தவிர மற்ற எல்லா அணியின் கணக்கிலும் இரண்டு தோல்வி இருக்கவேண்டும். 8 அணி என்றால் 7 அணிக்கு இரண்டிரண்டாக 14. சாம்பியன் தோற்காமலே கோப்பை வாங்கினால் அதோடு சரி. சாம்பியனும் வழியில் ஒரு முறை தோற்றிருந்தால் 15. வேறு எண் வரவே வராது.

அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து இரட்டிப்பாக்கினால் குறைந்தபட்சம். அதோடு ஒன்று சேர்த்தால் அதிகபட்சம். 11 அணி வந்தால் 20 அல்லது 21. 11 அணி என்றால் முதல் ரவுண்டில் 5 பை கொடுக்கவேண்டும். மேலே பை விழுந்த இடத்திலிருந்து கீழே இறங்க ஆள் இல்லாததால் கீழ் வரிசையிலும் பை வரும். தாள் முழுக்க ஓட்டையாகத் தெரியும். ஆனாலும் 20 அல்லது 21தான். பையில் யாரும் தோற்பதில்லை, ஆகவே பை ஆட்டக் கணக்கில் சேராது. பிக்சர் வரைந்து முடித்ததும் ஆட்டங்களுக்கு வரிசை எண் போட்டுப் பார்த்து, கடைசி எண் இந்தக் கணக்கோடு பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு பையை ஆட்டமாக எண்ணிவிட்டேன், அல்லது தோற்ற அணி ஒன்றைக் கீழே இறக்க விட்டுவிட்டேன் என்று பொருள். தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்த ஒரு சோதனை போதும்.

வாக் ஓவர் மட்டும் பை மாதிரி இல்லை. வராத அணியின் கணக்கில் தோல்வி ஏறுகிறது, ஆகவே அது ஆட்டம்தான். கிராமத்துப் போட்டிகளில் இது அடிக்கடி வரும். காலையில் முதல் ஆட்டத்தில் தோற்ற அணி, இன்னொரு வாய்ப்பு இருப்பதை மறந்தோ மனம் உடைந்தோ வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். மதியம் மைக்கில் கூப்பிட்டால் ஆள் இருக்காது. அதனால் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை முன்வைப்பாக வாங்கி, இரண்டாவது தோல்விக்குப் பிறகு திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன். அந்த வழக்கம் வந்த பிறகு மதிய ஆட்டங்களுக்கு ஆள் தங்குகிறார்கள்.

இனி நான் பிக்சர் போட்டு நடுவராகவும் நின்ற ஒரு போட்டியை முழுக்கச் சொல்கிறேன். எட்டு அணிகள், ஒரே மைதானம், சனி ஞாயிறு இரண்டு நாள். அணிகளின் பெயர் இங்கே தேவையில்லை என்பதால் அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று வைத்துக்கொள்வோம்.

சனிக்கிழமை காலை முதல் ரவுண்டு நான்கு ஆட்டம். 1ஆவது ஆட்டத்தில் அ, ஆவை வென்றது. 2ஆவதில் இ, ஈயை வென்றது. 3ஆவதில் உ, ஊவை வென்றது. 4ஆவதில் ஏ, எவை வென்றது. தோற்ற நால்வரும் கீழ் வரிசைக்கு இறங்கினார்கள். 5ஆவது ஆட்டத்தில் ஈ, ஆவை வென்றது, ஆ வெளியே. 6ஆவதில் எ, ஊவை வென்றது, ஊ வெளியே. மாலையில் மேல் வரிசையின் இரண்டாம் ரவுண்டு. 7ஆவது ஆட்டத்தில் அ, இயை வென்றது. 8ஆவதில் உ, ஏயை வென்றது. முதல் நாள் எட்டு ஆட்டம் முடிந்தது.

இங்கே பிக்சர் போடுகிறவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 7ஆவது ஆட்டத்தில் தோற்ற இ, கீழ் வரிசையில் யாரோடு ஆடவேண்டும்? தாளில் நேர் கீழே கோடு இழுத்தால் 5ஆவது ஆட்டத்தில் வென்ற ஈயிடம் போய்ச் சேரும். இயும் ஈயும் காலையில்தான் 2ஆவது ஆட்டத்தில் ஆடினார்கள். அதேபோல 8ஆவதில் தோற்ற ஏயை நேர் கீழே இறக்கினால் எவோடு மறுபடியும் மோதும். அவர்களும் 4ஆவதில் ஆடியவர்கள். ஆகவே கோட்டைக் குறுக்கே மாற்றி இழுக்கவேண்டும். மேல் பாதியில் தோற்றவர் கீழ்ப் பாதிக்கு, கீழ்ப் பாதியில் தோற்றவர் மேல் பாதிக்கு. அப்படி மாற்றியதால் ஞாயிறு காலை 9ஆவது ஆட்டம் இக்கும் எக்கும், 10ஆவது ஆட்டம் ஏக்கும் ஈக்கும் என்று வந்தது. நான்கு அணிக்கும் அது புதிய ஆட்டம். இந்த ஒரு குறுக்குக் கோட்டைப் போடாத பிக்சரில், ஒரே அணியிடம் இரண்டு முறை தோற்று ஊர் திரும்பும் நிலை ஏதாவது ஓர் அணிக்கு வரக்கூடும். அந்த அணியின் வருத்தத்தில் நியாயமும் இருக்கும்.

ஞாயிறு 9ஆவது ஆட்டத்தில் எ, இயை வென்றது. 10ஆவதில் ஈ, ஏயை வென்றது. இ, ஏ இரண்டும் வெளியே. 11ஆவது ஆட்டம் மேல் வரிசையின் இறுதி. அ, உவை வென்று தோல்வியில்லாமல் இறுதிக்குப் போனது. 12ஆவது ஆட்டத்தில் ஈ, எவை வென்றது. 13ஆவது கீழ் வரிசையின் இறுதி. மேலிருந்து இறங்கிய உவை ஈ வென்றது. அதோடு உ மூன்றாம் இடம், எ நான்காம் இடம் என்று தானாகவே முடிவாகிவிட்டது. மூன்றாம் இடத்துக்கென்று தனி ஆட்டம் வைக்கத் தேவையில்லாதது இந்த முறையின் இன்னொரு வசதி.

இரவு விளக்கு வெளிச்சத்தில் 14ஆவது ஆட்டம், அக்கும் ஈக்கும். மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். முதல் செட்டை அ எடுத்தது. அடுத்த இரண்டையும் ஈ எடுத்தது. கடைசிப் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்ததும் ஈ அணியின் ஊர்க்காரர்கள் உள்ளே ஓடிவந்து கேப்டனைத் தூக்கிவிட்டார்கள். மேடையில் கோப்பைகளை வரிசையாக எடுத்து வைத்தார்கள். மைக்கில் இருந்தவர் "சாம்பியன் பட்டத்தை..." என்று தொடங்கியேவிட்டார்.

நான் ஸ்கோர் மேஜையிலிருந்து தோல்விக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். அந்தத் தாளில் ஒவ்வோர் அணிக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டு வைத்திருப்பேன். தோற்கும்போது ஆட்ட எண்ணை அந்தக் கட்டத்தில் எழுதுவேன். ஆ, இ, உ, ஊ, எ, ஏ ஆறு அணிக்கும் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தன. ஈக்கு எதிரே முதல் கட்டத்தில் 2 என்று இருந்தது. அக்கு எதிரே முதல் கட்டத்தில் இப்போதுதான் 14 என்று எழுதியிருந்தேன். இரண்டு அணிக்கும் தலா ஒரு கட்டம் காலி. நிரம்பிய கட்டங்களை எண்ணிப் பார்த்தாலும் 14 தோல்வி, 14 ஆட்டம், சரியாக இருந்தது. மன்றச் செயலாளரிடம் தாளை நீட்டி, "தம்பி, இரண்டு தோல்வி வாங்கினால்தான் வெளியே என்று நாமே அறிவித்திருக்கிறோம். அ அணிக்கு இது முதல் தோல்வி. மற்ற ஏழு அணிக்கும் கொடுத்த இரண்டாவது வாய்ப்பை இவர்களுக்கு மட்டும் எப்படி மறுப்பது?" என்றேன்.

ஈ அணியின் மேனேஜருக்குக் கோபம். "ஃபைனல்ல ஜெயிச்சாச்சு சார், இன்னும் எதுக்கு ஆடணும்?" அவர் கோபத்தில் அர்த்தம் இருந்தது. அவருடைய பையன்கள் அன்று மட்டும் 10, 12, 13, 14 என்று நான்கு ஆட்டம் ஆடியிருந்தார்கள். எதிரணி அன்று ஆடியது இரண்டே ஆட்டம். நான் சனிக்கிழமை காலை மேனேஜர்கள் கூட்டத்தில் வாசித்த விதித் தாளை எடுத்துக் காட்டினேன். அதில் அவர் கையெழுத்து இருந்தது. அவரே ஒருமுறை படித்துவிட்டுத் தன் பையன்களிடம் போய்ப் பேசினார். இருபது நிமிட ஓய்வுக்குப் பிறகு 15ஆவது ஆட்டம் தொடங்கியது. அதை அ நேர் செட்டில் வென்றது. ஈயின் இரண்டாவது கட்டத்தில் 15 என்று எழுதினேன். ஏழு அணிக்கு இரண்டிரண்டு, சாம்பியனுக்கு ஒன்று. கணக்கு மூடியது.

இந்த இரண்டாவது இறுதி ஆட்டம் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஐ.பி.எல்.லை உதாரணம் காட்டுவார்கள். "குவாலிஃபையர் 1இல் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஃபைனல் ஒன்றுதானே?" 2011 முதல் ஐ.பி.எல். பிளே-ஆஃப் அப்படித்தான் நடக்கிறது. அதன் விளைவையும் சென்னை ரசிகர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 2013இல் குவாலிஃபையர் 1இல் சென்னை, மும்பையை வென்று நேராக இறுதிக்குப் போனது. மும்பை குவாலிஃபையர் 2இல் ராஜஸ்தானை வென்று திரும்பி வந்து, கொல்கத்தாவில் நடந்த இறுதியில் சென்னையை வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. பிளே-ஆஃபை மட்டும் பார்த்தால் இரண்டு அணிக்கும் ஒரு தோல்விதான். மும்பையின் தோல்வி முதலில் வந்ததால் மன்னிக்கப்பட்டது. சென்னையின் தோல்வி கடைசியில் வந்ததால் மன்னிக்கப்படவில்லை. 2017இல் புனேவுக்கும் இதே மும்பையிடம் இதே கதிதான். அந்த இறுதி ஒரு ரன்னில் முடிந்தது. ஐ.பி.எல். தன்னை டபுள் நாக்-அவுட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றாம், நான்காம் இடத்து அணிகளுக்கு அதில் இரண்டாவது வாய்ப்பே கிடையாது. ஆகவே அங்கே அது விதிமீறல் ஆகாது. நாம் டபுள் நாக்-அவுட் என்று நோட்டீஸ் அடித்துவிட்டு அப்படிச் செய்தால் அது வேறு விஷயம்.

வெளிநாட்டில் இதைப் பல விதமாகக் கையாள்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் ரீஜனல் சுற்று நான்கு அணி டபுள் நாக்-அவுட். நம் கணக்குப்படி 6 ஆட்டம் அல்லது 7. அந்த 7ஆவது ஆட்டத்தை 'தேவைப்பட்டால்' என்ற குறிப்போடு அட்டவணையிலேயே சேர்த்து, அதற்கென்று நாளும் ஒதுக்கிவிடுகிறார்கள். அதே விளையாட்டின் இறுதிக் கட்டம் ஒமாஹா நகரில் நடக்கிறது. அங்கே 1988 முதல் 2002 வரை, நான்கு நான்கு அணியாக இரண்டு டபுள் நாக்-அவுட் நடத்தி, அவற்றில் வென்ற இரண்டு அணிக்கும் ஒரே ஓர் இறுதி ஆட்டம் வைத்தார்கள். அதுவரை தோற்காத அணி அந்த ஓர் ஆட்டத்தில் தோற்றால் கோப்பை போயிற்று. 2003 முதல் இறுதியை மூன்றில் இரண்டு என்ற தொடராக்கிவிட்டார்கள். கணினிச் சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில், கீழ் வரிசைக்காரர் இறுதியில் வென்றால் 'ரீசெட்' என்று அறிவித்து உடனே இன்னோர் இறுதி ஆடுகிறார்கள். டோட்டா 2 என்ற கணினி விளையாட்டின் பெரிய போட்டியான 'தி இண்டர்நேஷனல்' எதிர்வழியில் போகிறது; அங்கே இறுதி ஐந்தில் மூன்று, ரீசெட் கிடையாது. 2021இல் புகாரெஸ்டில் மேல் வரிசையில் தோற்காமல் வந்த எல்.ஜி.டி. அணி, கீழ் வரிசையிலிருந்து வந்த டீம் ஸ்பிரிட்டிடம் 3-2 என்று அந்த ஒரே தொடரில் தோற்றுப் பட்டத்தை இழந்தது.

இவற்றில் எதை எடுப்பது என்று மன்றத்துக்காரர்கள் கேட்டால், சமபலமுள்ள இரண்டு அணியை வைத்துச் சின்னக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுவேன். ஒரே இறுதி என்றால் இருவருக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. தோற்காமல் வந்ததற்கு எந்தப் பலனும் இல்லை. இரண்டாவது இறுதி உண்டு என்றால், கீழ் வரிசை அணி அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தை வெல்லவேண்டும். அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. தோற்காத அணிக்கு நான்கில் மூன்று. இடையில் மூன்றாவது வழியும் இருக்கிறது: ஐந்து செட் இறுதி ஒன்றே வைத்து, தோற்காத அணிக்கு 1-0 என்று ஒரு செட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுவது. அப்போது அந்த அணிக்கு இன்னும் இரண்டு செட் போதும், எதிரணிக்கு மூன்று வேண்டும். நான்கு செட்டுக்குள் முடிவாகிவிடும். கணக்குப் பார்த்தால் தோற்காத அணியின் வாய்ப்பு 16இல் 11. இரண்டாவது இறுதி கொடுத்தால் 16இல் 12. வித்தியாசம் மிகக் குறைவு. ஓர் ஆட்டத்தில் வேலை முடிகிறது.

ஆனாலும் நான் அந்த மூன்றாவது வழியைக் கடைசியாகத்தான் சொல்வேன். வாலிபாலில் ஆடாத செட்டை ஸ்கோர் தாளில் எழுத இடமில்லை. தனிக் குறிப்புதான் எழுதவேண்டும். ஆட்டத்தின் நடுவில் வந்து சேரும் பார்வையாளருக்கு 1-0 எப்படி வந்தது என்று புரியாது. மூன்று செட் ஆடி 2-1 என்று முன்னால் இருக்கும் கீழ் வரிசை அணி, பலகையில் 2-2 என்று பார்க்கும்போது அந்த அணியின் ஆட்கள் கொதித்துப்போகிறார்கள். இரண்டாவது இறுதியில் அந்தக் குழப்பம் இல்லை. ஆடியதெல்லாம் கண்ணால் பார்த்த ஆட்டம்.

நேரத்துக்கும் வழி இருக்கிறது. இறுதி மட்டும் ஐந்து செட்டாக இருக்கவேண்டும் என்று எல்லா மன்றத்துக்காரர்களும் ஆசைப்படுவார்கள். ஐந்து செட் இறுதி வைத்து, அதன்மேல் இன்னொரு ஐந்து செட் இறுதி வந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் முதல் இறுதியையும் இரண்டாவது இறுதியையும் மூன்று செட் ஆட்டமாகவே வைக்கச் சொல்வேன். இரண்டும் முழுக்கப் போனாலும் மொத்தம் ஆறு செட். ஐந்து செட் இறுதி முழுக்கப் போவதைவிட ஒரு செட்டும் ஒரு சின்ன ஓய்வும்தான் கூடுதல். நான் மேலே சொன்ன போட்டியில் நடந்ததும் அதுதான். 14 மூன்று செட், 15 இரண்டு செட், ஆக ஐந்து செட்டில் இரண்டு இறுதியும் முடிந்தன.

செலவுக் கணக்கை எப்போதும் அதிகபட்ச எண்ணுக்கே போடவேண்டும். 8 அணி என்றால் 15 ஆட்டத்துக்கு நடுவர் தொகை, 15 ஆட்டத்துக்கு விளக்கு. 14ஆவதில் அ வென்றிருந்தால் அந்த ஓர் ஆட்டத்தின் பணம் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான். 14க்குத் திட்டமிட்டு 15 வந்துவிட்டால் நடப்பதை வேறோர் ஊரில் பார்த்திருக்கிறேன். அங்கே நான் பார்வையாளன். சிறப்பு விருந்தினர் கிளம்பவேண்டிய நேரம், ஜெனரேட்டர்காரருக்குச் சொன்ன நேரம் இரண்டும் முடிந்துவிட்டன. இரண்டாவது இறுதி பற்றி விதித் தாளில் ஒரு வரியும் இல்லை. இரண்டு அணியும் தாங்கள்தான் சாம்பியன் என்றன. இரண்டு பக்கமும் சொல்வதற்கு நியாயம் இருந்தது. கடைசியில் கோப்பை யாருக்கும் கொடுக்கப்படாமல் பூட்டி வைக்கப்பட்டது. அந்தச் சண்டைக்கு ஆட்டக்காரர்கள் காரணமில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான் காரணம்.

அதனால் நான் பிக்சர் போட்டுக் கொடுக்கும் எல்லாப் போட்டியின் விதித் தாளிலும் இந்த வாசகம் இருக்கும்: "இறுதி ஆட்டத்தில் மேல் வரிசை அணி வென்றால் போட்டி முடிவடையும். கீழ் வரிசை அணி வென்றால் இரு அணிக்கும் தலா ஒரு தோல்வி ஆகும் என்பதால், 20 நிமிட ஓய்வுக்குப் பின் இரண்டாவது இறுதி ஆட்டம் நடைபெறும். அதில் வெல்லும் அணியே சாம்பியன்." பிக்சர் தாளிலும் 15ஆவது ஆட்டத்துக்குத் தனிக் கட்டம் வரைந்து, உள்ளே 'தேவைப்பட்டால்' என்று எழுதிவிடுவேன். நோட்டீஸில் பரிசளிப்பு நேரத்தை மணி போட்டு எழுதாமல் 'இறுதி ஆட்டங்கள் முடிந்ததும்' என்று பன்மையில் எழுதச் சொல்வேன். மேனேஜர்கள் கூட்டத்தில் இந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசித்து, எல்லா மேனேஜரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். டிராவுக்கு முன்பே வாங்கிவிடவேண்டும். டிரா போட்ட பிறகு ஒவ்வொருவரும் தன் அணி எந்த வரிசையில் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் பேசுவார்கள்.

ஒரே நாளில் விளக்கில்லாத மைதானத்தில் எட்டு அணியை ஆடவிட்டாக வேண்டும் என்று வருகிறவர்களிடம், டபுள் நாக்-அவுட் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன். 15 ஆட்டத்துக்கு இடமில்லாத இடத்தில் 14 ஆட்டத்துக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. நான்கு நான்காகப் பிரித்து லீக் ஆடவிட்டு, குழுவின் முதல் அணிகள் இரண்டுக்கும் இறுதி வைத்தால் 13 ஆட்டம். முன்கூட்டியே உறுதியான எண். இல்லை, டபுள் நாக்-அவுட்தான் வேண்டும், இறுதி ஒன்றே போதும் என்று பிடிவாதமாக இருந்தால், "இறுதி ஆட்டத்துக்கு இரண்டாவது வாய்ப்பு விதி பொருந்தாது" என்று அவர்கள் கையாலேயே எழுதச் சொல்வேன். எழுதும்போது பாதிப் பேர் மனம் மாறி, 15ஆவது ஆட்டத்துக்கு ஜெனரேட்டர் வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.